கிரே கலர் எந்தக் கணக்கு?

பதின்மூன்று வயதுக்குட்பட்ட கால்பந்து அணிக்கு ட்ரையல் மேட்ச். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கோச் என்ற முறையில் நான் அனுப்பிய மெயிலில் இருந்தது இவ்வளவுதான்: சனிக்கிழமை காலை 6.45க்கு மைதானத்தில் இருக்க வேண்டும், முதல் ஆட்டம் 7.30க்கு. ஞாயிறு 7 மணிக்கு எல்லோருக்கும் பயிற்சி. பூட்ஸ், ஷின் கார்டு, நீளமான சாக்ஸ், தண்ணீர், வெளிர் நிறத்தில் ஒரு டிஷர்ட், அடர் நிறத்தில் ஒரு டிஷர்ட்.

மெயில் போன சூட்டிலேயே முதல் பதில் வந்தது. "சார், கிரே எந்தக் கணக்கில் வரும்?"

நியாயமான கேள்விதான். 27 பேரை ஒன்பது ஒன்பதாக மூன்று அணியாகப் பிரிக்கிறேன். ஒரு அணி வெளிர், ஒன்று அடர், மூன்றாவது சட்டைக்கு மேலே பிப் என்ற கையில்லாத பனியனை மாட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அணியும் மற்ற இரண்டோடும் 20 நிமிடம் ஆடும். ஆக எல்லாப் பையனுக்கும் 40 நிமிடம் கிடைக்கும். ஒரு ஆட்டம் முடிந்ததும் ஆட்களை மாற்றிப் போடுவேன். சுமாரான டிஃபெண்டர்களுக்கு நடுவே ஒரு ஃபார்வர்டு நாலு கோல் போட்டால் அவனைப் பற்றி எதுவும் தெரியாது. நல்ல டிஃபெண்டர் எதிரே நிறுத்தினால்தான் தெரியும். அணி மாறினால் சட்டையும் மாற வேண்டும், அதற்குத்தான் இரண்டு.

அடுத்தவர் ஓர் அப்பா. "மேட்ச் 7.30க்குத்தானே, 7.25க்குக் கொண்டுவந்து விட்டால் போதுமா?" மார்பில் நம்பர் ஒட்டணும், ஷின் கார்டு பார்க்கணும், அப்புறம் 20 நிமிடம் வார்ம் அப், உடம்பு சூடாகாமல் ஓடினால் தொடை பிடித்துக்கொள்ளும் என்று விளக்கி எழுதினேன். "வீட்டிலிருந்து ஓடியே வரச் சொல்கிறேன் சார்" என்றார்.

"என் பையன் ஃபார்வர்டு, யாரையும் உதைக்க மாட்டான், ஷின் கார்டு எதுக்கு?" என்று ஓர் அம்மா. அவனை மற்றவர்கள் உதைப்பார்களே அம்மா! கோல்கீப்பர் உட்பட எல்லோருக்கும் அது கட்டாயம், சாக்ஸ் அதை முழுசாக மூடியிருக்கவும் வேண்டும்.

சனிக்கிழமை ஒரு பையன் ஷின் கார்டைக் கெண்டைக்காலில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். பின்னாலிருந்துதான் உதைப்பார்கள் என்று அண்ணன் சொன்னானாம். அனுபவசாலி அண்ணன் போல. முன்பக்கம் திருப்பிக் கட்டிவிட்டேன். கிரே பையன் இரண்டு கிரேயோடு வந்தான்: சாயம் போனது வெளிர், புதுசு அடர். பேசாமல் பிப் கொடுத்துவிட்டேன்.

வார்ம் அப் அப்பா 7.28க்கு வந்தார், காரில். பையனை மூன்றாவது அணியில் போட்டேன். அவர்களுக்கு முதல் ஆட்டம் 7.55க்குத்தான், அதுவரை கோட்டுக்கு வெளியே உடம்பைச் சூடாக்கிக்கொள்ளலாம். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ 7.50க்கு வந்தாலே போதுமாயிருந்ததே சார்?"