அப்பாவின் முதுகில் பேட்ச், அதன் மேல் வெந்நீர்ப் பை

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். வலிக்கு மார்ஃபின் மாத்திரை, 10 மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு ஆறு. முதல் இரண்டு மாதம் அதிலேயே சமாளித்தோம். அப்புறம் விழுங்குவது கஷ்டமாகி, மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாலும் பாதி வெளியே வர ஆரம்பித்தது. அப்போதுதான் வலி நிவாரணப் பிரிவு டாக்டர், மார்ஃபின் வகையையே சேர்ந்த, தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பேட்ச்சுக்கு மாற்றலாம் என்றார். மணிக்கு 25 மைக்ரோகிராம் உடம்புக்குள் போகும் அளவு, ஒரு பேட்ச் 72 மணி நேரத்துக்கு.

இது மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் வாங்கி ஒட்டுகிற பிளாஸ்திரி மாதிரி இல்லை என்பதை டாக்டர் முதலிலேயே சொன்னார். ஏற்கெனவே தினமும் 60 மில்லிகிராம் அளவுக்கு வாய்வழி மார்ஃபின் எடுத்துப் பழகிய உடம்பு என்பதால்தான் அப்பாவுக்கு இதைக் கொடுக்கிறார்கள். அந்தப் பழக்கம் இல்லாத ஒருவருக்கு இதே பேட்ச்சை ஒட்டினால் மூச்சு நின்றுபோகலாம். வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான் என்று சொன்னதும் அதை இன்னொரு முறை அழுத்திச் சொன்னார்.

எனக்கு முதலில் புரியாமல் இருந்தது இடம்தான். வலி நெஞ்சுக்குள், அதனால் பேட்ச்சும் நெஞ்சு மேல்தான் என்று நினைத்தேன். சிஸ்டர் உட்காரவைத்து விளக்கினார்: "வலிக்கிற இடத்துல ஒட்டணும்னு இல்லைம்மா. மருந்து தோல் வழியா இறங்கி, கீழே இருக்கிற கொழுப்புல சேர்ந்து, அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்குப் போகும். எங்க ஒட்டினாலும் உடம்பு பூராவுக்கும்தான்." அதனால் பார்க்க வேண்டியது வேறு: தட்டையாக இருக்கிற, அதிகம் அசையாத, காயமோ சொறியோ தழும்போ இல்லாத தோல். மேல் மார்பு, மேல் முதுகு, மேல் கை, விலாப்பக்கம். அப்பா ரொம்ப மெலிந்துபோயிருந்தார், தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும், அதன் மேல் ஒட்டினால் ஓரம் சரியாகப் படியாது. கதிர்வீச்சு கொடுத்த இடத்தையும் தொடவேண்டாம் என்றார்கள். தூக்கக் கலக்கத்தில் பிய்த்துப் போடுகிறவர்களுக்கு, கை எட்டாத மேல் முதுகுதான் நல்லது.

முதல் பேட்ச்சைத் திங்கட்கிழமை மாலை 6 மணிக்கு ஒட்டினோம். மார்பில் இருந்த முடியைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினேன். சவரம் செய்யக் கூடாது, பிளேடு தோலைக் கீறிவிட்டால் அந்த வழியாக மருந்து வேகமாக இறங்கும். வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலரவிட்டேன். சோப்பு, ஸ்பிரிட், பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். உறையைக் கிழித்து (கத்தரித்தால் பேட்ச்சே வெட்டுப்பட்டுவிடலாம், வெட்டுப்பட்டதை ஒட்டவே கூடாது), பசைப்பக்கத்தைத் தொடாமல் ஒட்டி, உள்ளங்கையை அதன் மேல் வைத்து 30 நொடி அழுத்திப் பிடித்தேன். பிறகு ஓரங்களை விரலால் ஒரு சுற்று நீவிவிட்டு, கையைத் தண்ணீரில் கழுவினேன். அவ்வளவுதான் வேலை.

ஆனால் ஒட்டியவுடன் வலி போய்விடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தோலுக்குக் கீழே மருந்து சேர்ந்து ரத்தத்தில் போதுமான அளவு வர 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும், முழுசாக நிலைக்க ஒரு நாள்கூட ஆகலாம். அதனால் ஒட்டிய நேரமான 6 மணிக்கு ஒரு மார்ஃபின், இரவு 10 மணிக்கு ஒன்று, 2 மணிக்கு ஒன்று என்று மூன்று வேளை கரைத்து ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா தானாகவே எழுந்து திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்.

இரண்டாவது பேட்ச் வியாழன் மாலை. அது மறுநாளே ஓரம் கிளம்பிவிட்டது. அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்துப் பழக்கம், அன்று காலையில் தேய்த்ததைத் துடைத்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். சிஸ்டருக்கு போன் போட்டதில், ஓரம் மட்டும் கிளம்பியிருந்தால் நாலு பக்கமும் மைக்ரோபோர் டேப் ஒட்டினால் போதும், முழுசாக விழுந்துவிட்டால் அதையே திரும்ப ஒட்டாமல் புதியதை வேறு இடத்தில் ஒட்டி அந்த நேரத்திலிருந்து 72 மணி நேரம் கணக்கு வைக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு பேட்ச் மாற்றுகிற நாளில் எண்ணெயே கிடையாது என்று ஆக்கிவிட்டேன்.

இடம் மாற்றுவதற்கு ஒரு சின்ன வேலை செய்தேன், அது கடைசிவரை உதவியது. பையனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முன்பக்கம் ஒரு உருவம், பின்பக்கம் ஒரு உருவம் வரைந்து ஆறு இடம் குறித்தேன்: இடது மார்பு, வலது மார்பு, இடது மேல் கை, வலது மேல் கை, முதுகில் இடது, வலது. மூன்று நாளைக்கு ஒன்று என்றால், ஒரு இடத்துக்குத் திரும்பி வர 18 நாள் ஆகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டினால் தோல் சிவந்து அரிக்கும், போதாததற்குப் பழைய மருந்து இன்னும் அந்தத் தோலுக்கடியில் தேங்கியிருக்கும்போதே அதன் மேல் புதியது போய்ச் சேரும். தாளில் இடத்துக்குப் பக்கத்திலேயே தேதி, நேரம் எழுதுவேன். மைக்ரோபோர் டேப் துண்டு ஒன்றில் தேதியை எழுதி, பேட்ச்சின் ஓரத்திலும் ஒட்டுவேன். புதியதை எடுப்பதற்கு முன் பழையதைக் கண்ணால் பார்த்துக் கழற்றிவிட வேண்டும், இதில் அவசரமே கூடாது. முதுகில் இருப்பது கண்ணில் படாது, மறந்து மார்பில் இன்னொன்றை ஒட்டினால் இரண்டு மடங்கு மருந்து.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

ஐந்தாவது பேட்ச், சனிக்கிழமை மாலை, முதுகில் வலது பக்கம். மார்கழிக் குளிர். ஞாயிற்றுக்கிழமை அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். அப்பா படுத்தே கிடப்பதால் முதுகு பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சுமார் 4 மணிக்கு, அத்தை வெந்நீர்ப் பையில் சூடாக ஊற்றி, துண்டைச் சுற்றி அண்ணன் முதுகுக்கு அடியில் வைத்துவிட்டார். இதமாக இருக்கிறது என்று அப்பாவும் அப்படியே படுத்துக்கொண்டார். அத்தை மேல் துளி தப்பும் இல்லை. சூடு படக் கூடாது என்பது எனக்குத் தெரியும், வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லத்தான் தவறிவிட்டேன்.

ஐந்தரை மணிக்குக் காபி கொண்டுபோனேன். "நல்லாத் தூங்குறாரு கண்ணு, எழுப்பாதே" என்றார் அத்தை. எனக்கு அந்தத் தூக்கம் சரியாகப் படவில்லை. குறட்டை வந்தது, ஆனால் இரண்டு குறட்டைக்கு நடுவில் இடைவெளி நீளமாக இருந்தது. தோளைத் தட்டிக் கூப்பிட்டால் கண்ணைப் பாதி திறந்து ஏதோ முனகிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். எட்டுதான். இமையை விலக்கிப் பார்த்தால் கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மருந்து அதிகமாகிவிட்டது என்று அர்த்தம் என்று சிஸ்டர் முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார். திருப்பிப் படுக்கவைத்தபோதுதான் பையைப் பார்த்தேன். பேட்ச் இருந்த இடம் தொட்டால் சுட்டது.

பையை எடுத்துவிட்டு, பேட்ச்சைக் கழற்றி, 108-ஐக் கூப்பிட்டேன். வண்டி வரும்வரை அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன், ஆஸ்பத்திரியில் ஃபென்டனிலின் வேலையை முறிக்கிற நலாக்சோன் ஊசி. ஊசி போட்ட சில நிமிடத்தில் கண் திறந்தார், நான் வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன். கூடாது என்றார் டாக்டர். நலாக்சோன் சீக்கிரமே தீர்ந்துவிடும், ஆனால் பேட்ச்சைக் கழற்றிய பிறகும் தோலுக்கடியில் சேர்ந்த மருந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கும், ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இரவில் இன்னொரு தடவை மூச்சு குறைந்து, மறுபடி ஊசி போட வேண்டியிருந்தது. அன்று நான் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

சூடு என்ன செய்கிறது என்பதை மறுநாள் டாக்டர் விளக்கினார். பேட்ச்சில் மூன்று நாளுக்கான மருந்து மொத்தமும் இருக்கிறது, மணிக்கு இவ்வளவுதான் என்று அளந்து விடுவது பேட்ச்சும் தோலும் சேர்ந்துதான். சூடு பட்டால் தோல் சுலபமாக வழிவிடுகிறது, அடியில் இருக்கிற ரத்தக்குழாய்கள் விரிந்து, ஏற்கெனவே கொழுப்பில் சேர்ந்திருக்கிற மருந்தையும் வாரிக்கொண்டு போகின்றன. வெளிச்சூடு மட்டும் இல்லை, காய்ச்சலும் அப்படித்தான். உடம்பு 40 டிகிரி செல்சியஸுக்குப் போனால் ரத்தத்தில் ஃபென்டனில் மூன்றில் ஒரு பங்குவரை கூடலாம். அதனால் காய்ச்சல் வந்தால் உடனே போன் செய்துவிட்டு, தூக்கம் அதிகமாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்.

தூக்கக் கலக்கம் தெளிந்து வலி திரும்பியபோது இடையில் மார்ஃபின் கொடுத்துச் சமாளித்து, பிறகு அதே 25-ஐ இடது மேல் கையில் ஆஸ்பத்திரியிலேயே ஒட்டி ஒரு நாள் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அளவு தப்பில்லை, சூடுதான் காரணம் என்பதால் குறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சில விஷயங்களை மாற்றினேன். குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், பேட்ச் மேல் நேராக ஊற்றாமல். காலை வெயிலில் உட்கார ஆசைப்பட்டால் சட்டை போட்டுக்கொண்டு, பேட்ச் இருக்கிற பக்கம் நிழலில். விறகடுப்புக்குப் பக்கத்தில் குளிர் காய்வது இல்லை. முதுகுப் பிடிப்புக்கு ஒத்தடமே வேண்டாம் என்று விட்டுவிட்டோம், தலையணை வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்ததில் அதுவே குறைந்தது. தைலமும் அந்தப் பக்கம் கிடையாது.

கழற்றிய பேட்ச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாள் கழித்தும் அதில் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவுக்கு மருந்து மிச்சம் இருக்கும். பசைப்பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து ஒட்டி, பழைய உறையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் பூட்டிய டப்பாவில் வைப்பேன். எங்கள் பிரிவில் பழையதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் புதியது தருவார்கள், எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

அத்தை அதற்கப்புறம் இரண்டு மாதம் எங்களோடேயே இருந்தார். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் "பேட்ச் இருக்கு, சூடு வைக்காதீங்க" என்று என்னை எழுதச் சொல்லி, அப்பா கட்டிலுக்கு மேல் சுவரில் ஒட்டினார். பார்க்க வருகிறவர்களிடம் உட்காரச் சொல்வதற்கு முன்பே அதைக் காட்டிவிடுவார், மாற்றுகிற நாளில் உருவம் வரைந்த தாளை எடுத்துக்கொண்டு வந்து "இன்னைக்கு எந்தப் பக்கம் கண்ணு?" என்று கேட்டபடி பக்கத்தில் நிற்பார்.