நூற்றாண்டு மலர்க் கோப்புறையை இறக்கிச் சரிபார்த்தல்: நான் செய்து பார்த்த முறை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பள்ளி நூற்றாண்டு மலரின் மூலக் கோப்புகள் முழுவதையும் கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்பை இம்மடலுடன் அனுப்பியுள்ளேன். நான் மேக் கணினியில் வேலை செய்கிறவன்; தங்கள் அலுவலகத்திலோ விண்டோஸ் இருக்கிறது. எனவே நண்பர் ஒருவரின் விண்டோஸ் கணினியில் அமர்ந்து, தங்களைப் போலவே இணைப்பைத் திறந்து, கோப்புறையை முதலிலிருந்து கடைசி வரை இறக்கிப் பார்த்தேன். அப்போது கண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

கோப்புறையின் மொத்த அளவு 12.3 ஜிபி. Download all என்பதை அழுத்தியதும் இறக்கம் தொடங்கிவிடவில்லை. டிரைவ் கோப்புகளை ஜிப்பாகக் கட்டச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. அதுவும் ஒரே ஜிப்பாக வரவில்லை. ஏறத்தாழ 2 ஜிபி வீதம் பிரிந்து, பெயரின் முடிவில் 001 முதல் 005 வரை எண்ணிட்ட ஐந்து ஜிப்புகளாக வந்தது, 3.1 ஜிபி உள்ள விழாக் காணொளி மட்டும் எந்த ஜிப்பிலும் சேராமல் தனியே இறங்கியது. இதற்கிடையில் குரோம், இந்தத் தளம் பல கோப்புகளை இறக்கலாமா என்று முகவரிப் பட்டையின் அருகே ஒரு சிறு பெட்டியில் கேட்டது. அதில் Allow கொடுக்காவிட்டால் முதல் கோப்போடு எல்லாம் நின்றுவிடும். இறக்கம் முடியும்வரை கணினி உறக்கத்துக்குப் போகாதபடி அமைத்துக்கொள்ளுங்கள். Downloads கோப்புறையில் .crdownload என்று முடியும் பெயர் ஏதேனும் இருந்தால், அந்தக் கோப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை என்று பொருள்.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஐந்தும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல; ஒவ்வொன்றும் தனித்தனியே முழுமையான ஜிப். ஆகவே 004 வராமல் போனாலும் மற்ற நான்கும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் திறந்துவிடும், குறை கண்ணில் படாது. அதோடு, மலரின் படங்கள் அனைத்தும் Links என்ற உட்கோப்புறையில் உள்ளன. டிரைவ் அவற்றை ஐந்து ஜிப்புகளிலும் சிதறப் போட்டிருந்தது. மலரின் பக்கங்களை அமைத்த இன்டிசைன் கோப்பு படங்களைத் தன்னுள் வைத்திருப்பதில்லை, அவை இருக்கும் இடத்தை மட்டுமே குறித்து வைத்திருக்கிறது. படம் அந்த இடத்தில் இல்லாவிட்டாலும் திரையில் அதன் மங்கலான முன்தோற்றம் தெரிந்துகொண்டிருக்கும். இன்டிசைன் காட்டும் எச்சரிக்கையைக் கவனியாமல் அச்சகத்தார் வேலையைத் தொடர்ந்தால் அதே மங்கல்தான் தாளில் விழும்.

ஆகவே ஐந்து ஜிப்புகளையும் ஒரே இடத்தில் பிரிக்க வேண்டும். விண்டோஸில் ஜிப்பின் மேல் வலச்சொடுக்கி Extract All கொடுத்தால், ஜிப்பின் பெயரிலேயே ஒரு தனிக் கோப்புறையை அது முன்மொழியும். அப்படியே விட்டால் ஐந்து அரைகுறைக் கோப்புறைகள்தான் மிஞ்சும். அந்தப் பாதையை அழித்துவிட்டு ஐந்து முறையும் D:\Malar என்றே தட்டச்சிடுங்கள். பாதை குறுகியதாக இருப்பதற்கும் காரணம் உண்டு: ஆழமான கோப்புறைக்குள் பிரித்தால், நீண்ட பெயருள்ள சில பழைய படங்கள் விண்டோஸின் 260 எழுத்து வரம்பைத் தாண்டி, பிரிபடாமல் நின்றுவிடக்கூடும். ஜிப்பும் பிரித்த கோப்பும் சில நேரம் ஒருங்கே இருக்கும் என்பதால் 25 ஜிபி இடம் காலியாக இருப்பது நல்லது. தனியே வந்த காணொளியை Video என்ற உட்கோப்புறைக்கு நகர்த்திவிடுங்கள்.

இனிச் சரிபார்ப்பு. Malar கோப்புறையின் Properties-ஐத் திறந்தால் 1,286 கோப்புகள், 43 கோப்புறைகள் என்று காட்ட வேண்டும். அளவைப் பொறுத்தவரை ஒப்பிட வேண்டியது Size என்ற வரியை மட்டுமே. Size on disk என்பது வட்டுக்கு வட்டு மாறும். கோப்புகள் ஒன்றிரண்டு கூடுதலாகத் தெரிந்தால் அது விண்டோஸ் தானே உருவாக்கிய மறைகோப்பாக இருக்கலாம், கவலை வேண்டாம். எண்ணிக்கை குறைந்தால் மட்டும் ஜிப் எண்களை மீண்டும் பாருங்கள்.

எண்ணிக்கை பொருந்தினாலும் ஒரு கோப்பு உள்ளுக்குள் பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. எல்லாவற்றையும் சோதிப்பது வீண் வேலை. அச்சுக்குப் போகும் பிடிஎஃப் ஒன்றை மட்டும் சோதித்தால் போதும் என்பது என் கருத்து. அது இருக்கும் கோப்புறையின் முகவரிப் பட்டையில் cmd என்று தட்டி எண்டரை அழுத்தினால் ஒரு கருப்புச் சாளரம் திறக்கும். அதில் இதை இடுங்கள்:

```
certutil -hashfile Malar_Print.pdf SHA256
```

வரும் 64 எழுத்துகளை, இம்மடலுடன் இணைத்துள்ள உரைக்கோப்பில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். கோப்பில் ஒரு பைட் மாறியிருந்தாலும் இந்த வரிசை அடியோடு வேறாகிவிடும். எனவே முதல் எட்டும் கடைசி எட்டும் ஒத்திருந்தால் மேலும் பார்க்க வேண்டியதில்லை. வேறுபட்டால் அந்தப் பிடிஎஃபை மட்டும் டிரைவில் திறந்து தனியே இறக்கிக்கொள்ளலாம், முழுக் கோப்புறையையும் மீண்டும் இறக்க வேண்டாம்.

Properties சாளரத்தின் படத்தையும் certutil தந்த வரியையும் எனக்கு அனுப்பிவையுங்கள். அவற்றைப் பார்த்து உறுதி சொன்ன பிறகே டிரைவிலிருந்து கோப்புறையை நீக்குவேன். அதுவரை தாங்களும் ஜிப்புகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மலர் வடிவமைப்பாளர்