வாஷிங் மெஷினா, டோபி கடையா?

தோட்டத்து வீடுகளில் மெஷின் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் கடை விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஆயுள் முழுக்க எத்தனை தடவை துவைக்கும் என்பதுதான் கணக்கு.

900 ரிங்கிட் மெஷின், எட்டு வருஷத்தில் ரிப்பேருக்கு 300 என்று வையுங்கள். வாரம் நாலு தடவை என்றால் மொத்தம் 1,664 தடவை. ஒரு தடவைக்கு 72 சென். சோப்பு, தண்ணீர், கரண்டுக்கு 70 சென் சேர்த்தாலும் 1 ரிங்கிட் 42 சென்தான். டோபியில் துவைக்க மட்டும் 5 ரிங்கிட். பால்மரத்துக்கும் செம்பனைக்கும் போகிற வீட்டில் அழுக்குத் துணி தினமும் சேரும், அங்கே மெஷின்தான் சரி.

என் தங்கை தனி ஆள், வாடகை அறை, வாரம் ஒரு தடவைதான். மூன்று வருஷத்தில் இடம் மாறி மெஷினை விட்டுவிட்டுப் போனால் 156 தடவைதான் ஓடியிருக்கும். ரிப்பேரே இல்லாமல், அந்த 70 சென்னையும் சேர்த்தால் தடவைக்கு 6 ரிங்கிட் 47 சென்! அவளுக்கு டோபியே போதும் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம், டோபியில் காயவைக்கிற காசை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள். மெஷின் வாங்கினாலும் அடைமழை மாதங்களில் டிரையருக்கு அங்கேதான் போகவேண்டும்.