கணக்கிலிருந்து எடுத்த ஒரு தீபாவளி

"தீபாவளி வருஷத்துக்கு ஒரு தடவைதான தம்பி வருது. அந்த ஒரு ஆர்டரை எடுத்துட்டுக் கணக்கைப் போடுங்க" என்று அண்ணாச்சி சொன்னார். சரக்கு தீராமலிருக்க எவ்வளவு கூடுதலாக இருப்பு வைப்பது என்ற கணக்கிலிருந்து அந்த ஆர்டரை நான் எடுத்துவிட்டேன். ஆறு மாதத்துக்கும் மேலாகியும் அந்த இரண்டு நிமிடப் பேச்சு மனத்தைவிட்டு அகலவில்லை.

சரக்கு, குழாயில் பொருத்தும் ஒன்றரை அங்குல பால் வால்வு. குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்து லாரியில் கப்பலூர் குடோனுக்கு வந்து, அங்கிருந்து திண்டுக்கல், தேனி, சிவகங்கைப் பக்கத்துக் கடைகளுக்குப் போகிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 40 வால்வு விற்கும். அதன் திட்ட விலக்கம் 15. நாள் என்று நான் சொல்வதெல்லாம் குடோன் திறந்திருக்கும் நாள்தான். விற்பனையையும் சரக்கு வரும் காலத்தையும் ஒரே வகை நாளில் எண்ணாவிட்டால் கணக்கு முதல் வரியிலேயே பிழையாகிவிடும்.

அதுவரை நாங்கள் விற்பனையின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே பார்த்து அந்தக் கூடுதல் சரக்கை, அதாவது பாதுகாப்பு இருப்பை, வைத்திருந்தோம். சரக்கு 12 நாளில் வந்துவிடும் என்பது சப்ளையர் சொன்ன வாக்கு. 15-ஐ 12-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி, நூறு ஆர்டரில் 95 தடவை சரக்கு தீராமல் இருக்க வேண்டும் என்பதற்கான 1.65-ஆல் மறுபடி பெருக்கினால் 86 வால்வு வரும். ஆனால் ஆர்டர் கொடுத்த தேதியையும் குடோனில் வரவு வைத்த தேதியையும் 14 ஆர்டர்களுக்கு எடுத்து எழுதிப் பார்த்தபோது, சராசரி மட்டும்தான் 12 நாளாக இருந்தது. திட்ட விலக்கம் 4 நாள். இரண்டும் மாறும்போது போட வேண்டிய கணக்கு இது. SS பாதுகாப்பு இருப்பு, z அந்த 1.65, L சரக்கு வரும் சராசரி நாள், d நாளின் சராசரி விற்பனை, σd-யும் σL-உம் அவற்றின் திட்ட விலக்கங்கள்:

```
SS = z × √( L × σd² + d² × σL² )
   = 1.65 × √( 12 × 15² + 40² × 4² )
   = 1.65 × √( 2700 + 25600 )  ≈ 278
```

மூலக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களை அன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பனையின் ஏற்ற இறக்கம் தரும் பங்கு 2700. லாரியின் நிச்சயமின்மை தரும் பங்கு 25600. ஒரு நாள் விற்பனை கூடினால் இன்னொரு நாள் குறைந்து, பன்னிரண்டு நாளில் ஓரளவு ஈடாகிவிடுகிறது. லாரி ஒரு நாள் தாமதித்தால் அந்த நாளின் 40 வால்வும் முழுதாகப் போய்விடும். அதை ஈடுகட்ட எதுவும் கிடையாது. விற்பனையை எவ்வளவு துல்லியமாகக் கணித்து அதன் விலக்கத்தைப் பாதியாக்கினாலும் 278 என்பது 267-ஆகத்தான் இறங்கும். லாரியின் விலக்கத்தை 4 நாளிலிருந்து 2 நாளாக்கினால் 157-க்கு வந்துவிடும். இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் உடனே புரிந்துகொண்டார். நாற்பது வருடமாக லாரிக்குக் காத்திருந்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அவர் கேட்டது ஒன்றைத்தான்: "இந்த நாலு நாள் எங்கேருந்து வந்துச்சு?"

பேரேட்டைக் காட்டினேன். பதினான்கு ஆர்டரில் ஒன்று 22 நாள் எடுத்திருந்தது. குஜராத்தில் தீபாவளிக்கு மூடும் தொழிற்சாலைகள் தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள் வாக்கில் வரும் லாப பஞ்சமி வரையாவது திறப்பதில்லை. ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வேலை பழைய வேகத்துக்கு வர அதற்குமேலும் ஆகிறது. அப்போதுதான் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். அதில் நியாயமில்லை என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. முன்கூட்டியே தேதி தெரிந்த விடுமுறைக்கு ஆண்டு முழுவதும் சரக்கை அடுக்கி வைப்பது வீண். அதற்கு முன்னதாக ஆர்டர் போட்டால் போதும். பாதுகாப்பு இருப்பு என்பது எதிர்பாராததற்கு மட்டுமே.

அந்த ஒரு வரியை நீக்கியதும் சராசரி 11.2 நாளாகவும் விலக்கம் 2.9 நாளாகவும் குறைந்தன. பாதுகாப்பு இருப்பு 278-இலிருந்து 209-க்கு வந்தது. இருப்பு எவ்வளவாகக் குறைந்ததும் மறு ஆர்டர் போடுவது என்ற அளவு 758-இலிருந்து 658-க்கு வந்தது. பதினான்கில் ஒரு வரி நூறு வால்வைக் குறைத்துவிட்டது. வால்வு ஒன்று 180 ரூபாய் என்றால் 18,000 ரூபாய். ஒரு சரக்குக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனால் குடோனில் இருக்கும் எல்லாச் சரக்குக்கும் இதே கணக்கைப் போடவிருந்தோம் என்பதால் அவருடைய தயக்கம் எனக்குப் புரிந்தது.

மார்ச்சில், இருப்பு 658-ஐத் தொட்ட அன்றே ஆர்டர் போட்டேன். சரக்கு 21 நாள் கழித்து வந்தது. தீபாவளியும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. வெயில் காலத்துக்கு முன்னால் எல்லா ஊர் வியாபாரிகளும் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுத்ததால் சப்ளையரிடம் வரிசை நீண்டுவிட்டது. அதே வாரங்களில் எங்கள் விற்பனையும் நாளுக்கு 48-ஆக உயர்ந்திருந்தது. பதினான்காம் நாளே வால்வு தீர்ந்தது. உசிலம்பட்டியில் எட்டு வருடமாக எங்களிடம் மட்டுமே வாங்கிய கடைக்காரர் போனில், "இல்லைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார், நான் பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்துட்டேனே" என்றார். அவர் அதன்பின் வேறு கம்பெனி வால்வையும் வைக்கத் தொடங்கிவிட்டார்.

அன்றிரவு நான் செய்த முதல் வேலை, தீபாவளி வரியை நீக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்ததுதான். 758 வால்வு, நாளுக்கு 48 வீதம், பதினாறாம் நாள் தீர்ந்திருக்கும். அதாவது நான் பிடிவாதமாக நின்றிருந்தாலும் இரண்டு நாள்தான் கூடுதலாகத் தாக்குப்பிடித்திருப்போம். அதற்குப் பிறகும் ஐந்து நாள் கடைக்காரர்களுக்குக் கையை விரித்திருப்போம். 21 நாளுக்கு 1008 வால்வு வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போது ஒரு நிம்மதி வருகிறது. அடுத்த நிமிடமே அந்த நிம்மதியின் மேல் சந்தேகமும் வருகிறது. ஏனென்றால் உசிலம்பட்டிக்காரர் போன் செய்தது பதினைந்தாம் நாள்.

சூத்திரம் பொய் சொல்லவில்லை. விற்பனை கூடுவதும் லாரி தாமதிப்பதும் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோளின் மேல்தான் அது நிற்கிறது. எங்கள் தொழிலில் வெயில் காலத்தில் அவை சேர்ந்தே வருகின்றன. தாமதமும் சராசரிக்கு இருபுறமும் சமமாகப் பரவுவதில்லை: எந்த லாரியும் பத்து நாள் முன்னதாக வந்ததில்லை, ஆனால் ஒன்பது, பத்து நாள் பிந்தி இரண்டு வந்திருக்கின்றன. ஆகவே 1.65 என்று போட்டாலும் அது தருவதாகச் சொல்லும் 95 எங்களுக்குக் கிடைத்திருக்காது. மார்ச் முதல் மே வரைக்கான ஆர்டர்களைத் தனியாகப் பிரித்துக் கணக்கிட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. பதினான்கு ஆர்டரில் அந்த மாதங்களுக்குரியவை மூன்றே என்பதையும் மறக்க முடியவில்லை. மூன்று எண்ணிலிருந்து எடுக்கும் விலக்கத்தை நம்பி யாரிடம் என்ன கேட்பது?

இன்னொன்றும் இருக்கிறது. சரக்கு இல்லாத அந்த ஏழு நாளில் பேரேட்டில் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகியிருக்கிறது. கேட்டு இல்லையென்று திரும்பியவர்களின் கணக்கு எங்கும் இல்லை. அந்த நாட்களை அப்படியே விட்டால் சராசரி விற்பனை இறங்கும். நாங்கள் தவறவிட்டதே அடுத்த ஆண்டு குறைவாகச் சரக்கு வைக்கக் காரணமாகிவிடும். அவற்றை நீக்கிவிட்டேன். நீக்கும்போது, தீபாவளி வரியையும் இதே கையால்தான் நீக்கினோம் என்ற நினைப்பு வந்தது.

இப்போது பதினைந்தாவது ஆர்டராக அந்த 21-உம் சேர்ந்துவிட்டது. நாளுக்கு 40 என்ற பழைய விற்பனையையே வைத்துக்கொண்டாலும், தீபாவளியையும் சேர்த்துப் போட்டால் பாதுகாப்பு இருப்பு 310 வருகிறது. இரண்டையும் விதிவிலக்கு என்று தள்ளினால் பழைய 209-க்கே திரும்பிவிடுகிறது. ஒரே தாளில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணாச்சி திங்கட்கிழமை வருகிறார். எந்த எண்ணை முதலில் சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.