காந்தம் உள்ளே ஓடியும் முள் அசையவில்லை

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். மோட்டார் காயில் சுற்றுவது எனக்குக் கை வந்த வேலை. அதனால் பிளஸ் டூ படிக்கும் மகள், பேட்டரி இல்லாமல் காந்தத்தை வைத்து எல்இடி எரிய வைக்க வேண்டும், பள்ளியில் செய்து காட்டணும் என்று வந்து நின்றபோது, ஒரு ராத்திரி வேலைதானே என்று நினைத்தேன். நான்கு ராத்திரி ஆனது.

எடுத்துக்கொண்ட சாமான் எல்லாம் சாதாரணமானவை. வயரிங்குக்குப் போடும் 20 மி.மீ. பிவிசி பைப் ஒரு துண்டு. ஃபேன் வைண்டிங்கில் மிஞ்சிய 36 கேஜ் எனாமல் கம்பி. 12 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் வில்லைகள் நான்கு. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவிட்டால் 2 செ.மீ. நீளத்துக்கு ஒரே காந்தமாகிவிடும். பைப்புக்குள் தடையில்லாமல் விழும். விழும் இடத்தில் மடித்த துணி அவசியம். இந்த வகைக் காந்தம் பீங்கான் மாதிரி, தரையில் பட்டால் உடைந்துவிடும்.

காயிலை நான்தான் சுற்றினேன். ஒரே அடுக்கு, கம்பியோடு கம்பி ஒட்டி, இடைவெளி தெரியாமல் 400 சுற்று. பைப்பில் 9 செ.மீ. நீளத்துக்கு வந்தது. செம்பு வளையல் அடுக்கியதுபோல் பளபளவென்று இருந்தது, மகளுக்கும் பெருமை. எல்இடியைச் சேர்த்துக் காந்தத்தைப் போட்டோம். ஒன்றும் இல்லை.

முதல் தப்பு சுலபமாகவே கிடைத்தது. மீட்டரை ஓம்ஸில் வைத்துக் காயிலின் இரு முனையையும் தொட்டால் இடது ஓரத்தில் வெறும் ‘1’ நின்றது, அதாவது சுற்று திறந்து கிடக்கிறது. முனைகளை மகள் சுரண்டியிருந்தாள், ஆனால் எனாமல் முழுசாகப் போகவில்லை. இந்தக் கம்பியில் அது கண்ணுக்குத் தெரியாது. பிளேடால் வழித்து வெளிர் செம்பு நிறம் வந்தபின் 15 ஓம் காட்டியது. 25 மீட்டர் கம்பிக்கு அது சரியான கணக்கு.

அப்புறமும் எரியவில்லை. எல்இடி ஒரு திசையில்தான் மின்னோட்டத்தை விடும் என்பதால் இன்னொரு சிவப்பு எல்இடியைத் தலைகீழாகப் பக்கத்தில் சேர்த்தோம். எந்தத் திசையில் வந்தாலும் ஒன்று எரியணும். இரண்டும் சும்மா இருந்தன. அன்றைக்கு மழையில் எங்கோ லைன்மேல் மரம் விழுந்து கரண்ட் வேறு போயிருந்தது. கும்மிருட்டில் மெல்லிய மினுக்கல்கூடத் தப்பியிருக்காது.

அடுத்த நாள் தொழிற்சாலையிலிருந்து பழைய முள் மீட்டரைக் கொண்டுவந்தேன். இந்த வேலைக்கு டிஜிட்டல் மீட்டர் ஆகாது. விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் அது எண்ணை மாற்றும், அதற்குள் காந்தம் வந்து போய்விடும். முள் என்றால் ஒரு துள்ளலாவது தெரியும். காந்தத்தை ஒரு மூங்கில் குச்சி நுனியில் டேப் போட்டு ஒட்டி, போடாமல் கையாலேயே உள்ளே தள்ளினோம்.

காயிலின் வாயில் நுழையும்போது முள் வலது பக்கம் துள்ளியது. இன்னும் தள்ளினால், காந்தம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, முள்ளோ பூஜ்ஜியத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. அந்தப்பக்கம் வெளியே போகும்போது இடது பக்கம் துள்ளியது. மகள் குச்சியைப் பிடித்து, காந்தத்தைக் காயிலின் நடுப்பகுதியிலேயே மூன்று செ.மீ. தூரத்துக்கு முன்னும் பின்னும் சரசரவென்று ஆட்டினாள். முள் அசையவே இல்லை.

“அப்பா, கம்பி எங்கியாவது விட்டுப்போச்சா?”

விடவில்லை, அதே 15 ஓம். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. காந்தம் ஓடணும், கம்பி அதன் விசைக்கோடுகளை வெட்டணும், கரண்ட் வரணும் என்றுதான் இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். இங்கே காந்தம் ஓடுகிறது, சுற்றிலும் கம்பி இருக்கிறது, கரண்டைக் காணோம்.

மகள் நோட்டை எடுத்தாள். ஃபாரடே விதியை எழுதி, அதிலிருக்கும் ஒவ்வொரு எழுத்தும் நம்ம காயிலில் எது என்று கேட்டாள்.

ε = −N ΔΦ/Δt

ε என்பது காயிலில் கிளம்பும் மின்னியக்கு விசை, அதாவது வோல்டேஜ். N சுற்றுகளின் எண்ணிக்கை, Δt மாற்றத்துக்கு ஆகும் நேரம். Φ என்பது ஒரு சுற்றின் வழியே போகும் காந்தப்பாயம், அதாவது அதற்குள் புகுந்து போகும் விசைக்கோடுகளின் மொத்த அளவு. சூத்திரத்தில் காந்தத்தின் வேகம் என்று தனியாக எதுவும் இல்லை, பாயம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதுதான் இருக்கிறது. 2 செ.மீ. காந்தம் 9 செ.மீ. காயிலுக்குள் இருக்கும்போது, எந்த நேரத்திலும் சுமார் 90 சுற்றுகள்தான் அதைச் சூழ்ந்திருக்கின்றன. ஒரு செ.மீ. நகர்ந்தால் பின்னால் 45 சுற்று விடுபடும், முன்னால் புதிதாக 45 சுற்று சேரும். மொத்தத்தில் 90 என்பது 90ஆகவே நிற்கிறது. எல்லாச் சுற்றுகளையும் கூட்டிப் பார்த்தால் பாயத்தில் மாற்றமே இல்லை, அப்புறம் மின்னியக்கு விசை எங்கிருந்து வரும்?

கணக்கு சரி. ஆனால் என் மனசு கேட்கவில்லை. முன்னால் சேரும் 45 சுற்றில் பாயம் ஏறுகிறது என்றால் அந்தச் சுற்றுகளில் வோல்டேஜ் வந்துதானே ஆகணும்? வருகிறது, பின்னால் விடுபடும் சுற்றுகளிலும் அதே அளவு எதிர்த்திசையில் வருகிறது, ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது என்றாள். அப்படியானால் அதைப் பிடித்துக் காட்டலாமே என்று தோன்றியது.

பிளேடு நுனியால் 200ஆவது சுற்றில், சரியாக நடுவில், நெல்மணி அளவுக்கு எனாமலைச் சுரண்டினேன். பக்கத்துச் சுற்றைத் தொடாமல் இதைச் செய்யக் கண்ணும் கையும் நன்றாக இருக்கணும். மீட்டரின் ஒரு முனையை அந்த நடுப்புள்ளியிலும் மற்றதைக் காயிலின் ஓரத்திலும் வைத்தேன். மகள் முன்பு ஆட்டிய மாதிரியே நடுவில் ஆட்டினாள். முள் துள்ளியது! மீட்டரின் இரு முனைகளையும் அதே வரிசையில் அந்தப்பக்கப் பாதிக்கு நகர்த்தி வைத்துப் பார்த்தால், அதே தள்ளலுக்கு எதிர்ப்பக்கம் துள்ளியது. இரு ஓரங்களிலும் வைத்தால் அசைவில்லை. ஒரே காயில், ஒரே ஆட்டம்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. மோட்டார் சுற்றும்போது காயிலின் பிட்ச் மாறக்கூடாது, காயிலின் ஒரு பக்கம் இறங்கிய பள்ளத்திலிருந்து எத்தனை பள்ளம் தள்ளி மறுபக்கம் இறங்கணுமோ அதில்தான் இறங்கணும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அடித்துச் சொல்வார், ஏன் என்று மட்டும் சொன்னதில்லை. ஒரு காயில் ஏறக்குறைய ஒரு துருவத்தின் அகலத்தைத்தான் பிடிக்கணும். இரண்டு துருவ அகலத்தைப் பிடித்தால் வடக்கும் தெற்கும் ஒரே காயிலுக்குள் வந்து, கூட்டினால் பூஜ்ஜியம். 1932 முதல் ஓடும் பைக்காரா மின்நிலையத்தின் ஜெனரேட்டருக்கும் அதே கணக்குதான். என் பிவிசி பைப் காயிலும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறது.

சரி, மூன்றாவது ராத்திரி எல்லாவற்றையும் பிரித்தோம். சுரண்டிய இடத்தில் மட்டும் மெல்லிய டேப் துண்டு. பைப்பில் 1 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு அட்டை வட்டங்களைப் பசை போட்டு நிறுத்தி, அந்தக் குறுகலுக்குள் அடுக்கடுக்காகச் சுற்றினேன். போகும் அடுக்கு, வரும் அடுக்கு எதுவானாலும் பைப்பை ஒரே பக்கமாகத்தான் திருப்பணும். நடுவில் கை மாறித் திருப்பிவிட்டால் அந்தச் சுற்றுகள் மற்றவற்றுக்கு எதிரியாகிவிடும். மேலடுக்குகளில் சுற்றளவு கூடுவதால் அதே கம்பி 370 சுற்றிலேயே தீர்ந்துபோனது. பார்க்க அசிங்கமான உருண்டை. என் கையால் இப்படி ஒன்றைச் சுற்றியதில்லை.

போடுவதற்கு முன் மகள் கணக்குப் போட்டாள். காந்தத்தின் குறுக்குப் பரப்பு 1.1 சதுர செ.மீ., உள்ளே புலம் தோராயமாக 0.9 டெஸ்லா என்று வைத்தால் பாயம் சுமார் 0.0001 வெபர். காயிலுக்கு 30 செ.மீ. மேலிருந்து விட்டால் அங்கே வரும்போது வேகம் விநாடிக்கு 2.4 மீட்டர். 2 செ.மீ. கடக்க 8 மில்லிவிநாடி. புதுக் காயிலில் கிட்டத்தட்ட 370 சுற்றும் ஒன்றாகப் பாயத்தைப் பார்க்கின்றன, ஆக 370ஐ 0.0001ஆல் பெருக்கி 0.008ஆல் வகுத்தால் 4.6 வோல்ட். பழைய காயிலில் நுழையும்போது 90 சுற்றுதான், 1.1 வோல்ட். சிவப்பு எல்இடி நன்றாக எரிய சுமார் 1.8 வோல்ட் வேண்டும். 1.1 வோல்ட்டுக்கு அது மங்கலாகக்கூட எரியாது. பழைய காயிலில் மின்சாரம் வராமல் இல்லை, எல்இடியின் வாசற்படியைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். கையால் தள்ளினால் அரை மீட்டர் வேகம்கூடக் கஷ்டம், அதற்குப் புதுக் காயிலிலும் 1 வோல்ட்டுக்குப் பக்கத்தில்தான் வரும்.

இந்த 4.6 ஒரு மதிப்பீடுதான். காந்தத்துக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் சந்தில் விசைக்கோடுகள் கொஞ்சம் திரும்பி ஓடும், வெளிச்சுற்றுகளுக்குக் கிடைக்கும் பாயம் குறையும். அதனால்தான் இன்னும் 2,000 சுற்று சுற்றினால் அதே விகிதத்தில் ஏறிவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. ஓம் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

சமையலறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, காந்தத்தை விட்டாள். பளிச். இரண்டு எல்இடியும் ஒன்றாக எரிந்தமாதிரி இருந்தது. அப்படி இருக்கக்கூடாதே, எதிரெதிராக அல்லவா சேர்த்திருக்கிறோம்? நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது மற்றொன்று என்றுதானே வரணும்?

நான்காவது ராத்திரி அதற்காகத்தான். போனை விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் வைத்து எடுத்தோம். ஒவ்வொரு படமாகத் தள்ளினால் ஒன்றில் இடது எல்இடி, இரண்டு படம் தள்ளி வலது எல்இடி. நடுவே 8 மில்லிவிநாடி, கண்ணுக்கு அது ஒரே நொடிதான். காந்தத்தைத் தலைகீழாகப் போட்டபோது வலது முதலிலும் இடது பின்னாலும் வந்தது. நுழையும்போது வருவதைத் தடுக்கும் திசையில், போகும்போது போவதைத் தடுக்கும் திசையில். சூத்திரத்தின் முன்னால் நிற்கும் அந்தச் சின்னக் கழித்தல் குறி இதுதான் என்று நோட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

பள்ளிக்குக் கிளம்பும் காலையில் இன்னொரு 25 மீட்டர் கம்பி கேட்டாள். எதற்கு என்றேன்.

“நீங்க முதல்ல அழகா சுத்துனீங்கல்ல, அந்த எரியாத காயில். அதையும் கொண்டுபோகணும்பா.”