மார்க் போனது, டாலர் வரவில்லை

இரண்டு நாணயங்களை மாற்றிக்கொள்ளும்போது பெரிய ஆபத்து விலை ஏறி இறங்குவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பயமாகத் தெரிவது, ஒரு பக்கம் பணம் போன பிறகு மறுபக்கம் வருவதற்குள் இருக்கும் சில மணி நேரம்.

1974 ஜூன் 26. ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்த ஹெர்ஸ்டாட் வங்கியை அரசு மூடியது. அங்கே மாலை நெருங்கிவிட்டது, நியூயார்க்கில் இன்னும் காலைதான். ஒரு வங்கி அன்று ஹெர்ஸ்டாட்டிடம் 25 லட்சம் ஜெர்மன் மார்க் கொடுத்து 10 லட்சம் டாலர் வாங்க வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். மார்க் ஜெர்மனியில் ஏற்கெனவே போய்விட்டது, திரும்பப் பெற முடியாது. டாலர் கிளம்பும் முன்பே எதிர்த்தரப்பு விழுந்துவிட்டது. ஆக, ஆபத்தில் இருப்பது விலை வித்தியாசம் மட்டுமல்ல, முழு அசலும்தான்.

வங்கிகளுக்கிடையே நாணய மாற்றங்களைத் தீர்த்துவைக்க 2002-இல் தொடங்கிய சிஎல்எஸ் என்ற அமைப்பு இதை எளிமையாகச் சரிசெய்கிறது. இரு வங்கிகளுக்கும் அதன் ஏட்டில் கணக்கு உண்டு. ஒருவர் கணக்கில் கொடுக்கும் நாணயத்தைக் கழிப்பதும் வாங்கும் நாணயத்தை வரவு வைப்பதும், மற்றவருக்கு அதன் மறுபுறமும் ஒரே கணத்தில் நடக்கும். ஒரு பக்கம் பணம் இல்லையென்றால் இரண்டுமே நடக்காது, கொடுத்தவர் பணம் அவருடையதாகவே இருக்கும். அப்புறம் வர வேண்டிய நாணயத்தை அன்றைய விலையில் வேறெங்காவது வாங்க வேண்டிவரும். அந்த விலை வித்தியாசத்தை இந்த முறை தடுக்காது. சிஎல்எஸ் ஏற்காத நாணயங்களில் பழைய இடைவெளி இன்றும் திறந்தே கிடக்கலாம். எனக்கு உண்மையான கவலை அதுதான்.