மதிப்பெண் இறங்கிய அறிக்கை: பல்சமய உரையாடல் திட்டத்தை நிதிக் குழுவுக்கு விளக்கிய விதம்

எங்கள் முதல் வரைவு பல்கலைக்கழக நிதிக் குழுவிடமிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே கேள்வி: "இதனால் என்ன மாறியது?" ஆறு அமர்வுகள், 24 மாணவர்கள், அமர்வுக்கு 90 நிமிடம் என்று எழுதியிருந்தோம். அது நடந்ததன் கணக்குதான். மாற்றத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மாற்றத்தைக் காட்டக் கையில் இருந்தது ஒரு படிவம். "பிற சமயங்களைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும்?" என்ற கேள்விக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். முடிவில் பார்த்தால் சராசரி இறங்கியிருந்தது!

காரணம் மூன்றாம் அமர்வில் கிடைத்தது. விருந்தோம்பல் பற்றி மூன்று பகுதிகளை ஒரே தாளில் கொடுத்திருந்தோம்: ஆதியாகமம் 18, குர்ஆன் 51:24-30, விதைத்த நெல்லை வாரி வந்து அடியாருக்கு உணவிட்ட இளையான்குடி மாறனாரின் பெரியபுராணக் கதை. முதல் இரண்டும் ஆபிரகாமிடம் (இப்ராஹீமிடம்) வந்த விருந்தினரின் கதை. ஆனால் ஆதியாகமத்தில் அவர்கள் சாப்பிடுகிறார்கள். குர்ஆனில் உணவைத் தொடுவதில்லை, அதைக் கண்டு அவர் அஞ்சுகிறார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தவர்களுக்குத் தங்களுக்குத் தெரியாதது எவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது. அளவுகோலே மாறிவிட்டதால், முன்பு தாராளமாக 4 போட்டவர் கடைசியில் 3 போட்டார்.

ஆகவே கடைசி நாளில் இரண்டு மதிப்பெண் கேட்க வேண்டும்: இப்போது எவ்வளவு, தொடக்கத்தில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று இன்று நினைக்கிறீர்கள். இதிலும் ஓட்டை உண்டு. நடத்தியவர்கள் மனம் குளிரட்டும் என்று பழைய மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுவார்கள். அதனால் முதல்நாள் மதிப்பெண்ணையும் சேர்த்தே அச்சிட்டோம். பக்கத்திலேயே மாணவர்கள் எழுதிய கேள்விகளையும் வைத்தோம். முதல் நாள் ஒருவர் எழுதியது, "உங்களுக்கு ஏன் இத்தனை சாமி?" கடைசி நாள் அதே கையெழுத்தில், "விதைநெல்லை எடுக்கலாம் என்று சொன்னது மாறனாரின் மனைவி. பிறகு ஏன் நாயனார் பட்டம் மாறனாருக்கு மட்டும்?" குழு அதிகம் பேசியது இதைப் பற்றித்தான்.

இன்னொரு பிழையும் வரைவில் இருந்தது. தொடக்கத்தில் 24 படிவம், முடிவில் 17. விட்டுப்போன ஏழு பேர் ஒருவேளை மனம் ஒட்டாதவர்கள். அவர்களை முதல் சராசரியில் மட்டும் சேர்த்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும். இரண்டு படிவமும் தந்த 17 பேரை மட்டுமே ஒப்பிட்டு, ஏழு பேர் விலகியதைத் தனியே எழுதினோம். பெயர் இல்லாமல் ஜோடி சேர்க்க, தாயின் பெயரின் முதலெழுத்தும் பிறந்த தேதியும் சேர்ந்த குறியீடு போதும்.

சமயவாரி அட்டவணையை நீக்கினோம். சமணர் ஒருவரே இருந்தார். "சமணர்: 1" என்று போட்டால் பெயர் போட்டதற்குச் சமம்.